40 கிலோவாட்டா, 20 கிலோவாட்டா? பள்ளி சோலாருக்கு ஒரு மூலதனச் செலவுக் குறிப்பு

கேள்வி: திருநெல்வேலி பக்கம் ஒரு தனியார் பள்ளியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மொட்டை மாடியில் 40 கிலோவாட் சோலார் போட ஒரு நிறுவனம் 18.37 லட்சத்துக்குக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறது, ஜிஎஸ்டி தனி. போட்ட காசு மூன்றே வருடத்தில் வந்துவிடும் என்கிறார்கள். ஆண்டுக்கு 54,000 யூனிட் ஓடுகிறது, கரண்ட் பில் மொத்தம் 5.40 லட்சம். எங்கள் எலெக்ட்ரீஷியன் இரண்டு வாரம் மீட்டர் பார்த்து எழுதியதில், வேலை நாளில் பகலில் சுமார் 200 யூனிட், விடுமுறை நாள் பகலில் 25 யூனிட். அறக்கட்டளையிடம் 12 லட்சம் ஃபிக்சட் டெபாசிட்டில் 7 சதவீதத்துக்கு இருக்கிறது. மீதியை வங்கியில் 10.5 சதவீதத்துக்குக் கடன் வாங்கலாம் என்கிறார்கள். தாளாளர், "நிகர தற்போதைய மதிப்பு போட்டு ஒரு குறிப்பு எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார். எப்படி எழுதுவது?

பதில்:

உங்கள் எலெக்ட்ரீஷியனுக்கு முதலில் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். அவர் எழுதி வைத்த அந்த இரண்டு எண்கள் இல்லாவிட்டால் இந்தக் கணக்கையே போட முடியாது. பெரும்பாலான பள்ளிகள் ஆண்டு மொத்த யூனிட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகின்றன. கொட்டேஷன் கொடுத்தவரும் அதைத்தான் செய்திருக்கிறார்: 54,000 யூனிட்டை ஒரு கிலோவாட்டின் ஆண்டு உற்பத்தியால் வகுத்திருக்கிறார், ஏறக்குறைய 40 கிலோவாட் வந்திருக்கிறது. வீட்டுக்கு அந்த வழி ஓரளவு சரி. பள்ளிக்குச் சரிப்படாது, ஏனென்றால் வருடத்தில் 140 நாளுக்கு மேல் பள்ளி பூட்டியிருக்கிறது. அதிலும் வெயில் கொளுத்துகிற மே மாதம் முழுக்க.

மூன்று வருடக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். ஒரு கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு 4 யூனிட் என்றால் 40 கிலோவாட்டுக்கு ஆண்டுக்கு 58,400 யூனிட். பில் தொகை 5.40 லட்சத்தை 54,000 யூனிட்டால் வகுத்தால் யூனிட் 10 ரூபாய். இரண்டையும் பெருக்கினால் 5.84 லட்சம் மிச்சம். 18.37 லட்சத்தை அதால் வகுத்தால் மூன்று வருடமும் கொஞ்சமும். பெருக்கல், வகுத்தல் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. உள்ளே போட்ட எண்கள்தான் தவறு.

முதல் தவறு அந்த 10 ரூபாய். உங்கள் பில்லைப் பிரித்துப் பாருங்கள். யூனிட்டுக்கான கட்டணம் 8 ரூபாய் வீதம் 4.32 லட்சம்தான் இருக்கும். மீதி 1.08 லட்சம் அனுமதிக்கப்பட்ட மின்பளுவுக்கான ஃபிக்சட் சார்ஜ். கூரையில் எத்தனை பேனல் வைத்தாலும் அது குறையாது. அதனால் மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் கையில் நிற்பது 8 ரூபாய்தான். சராசரியைப் போடாதீர்கள், ஒரு யூனிட் குறைந்தால் பில் எவ்வளவு குறைகிறதோ அதைப் போடுங்கள். (8 ரூபாய் என்பது நீங்கள் சொன்ன தொகைகளை ஒட்டி நான் வைத்தது. சரியான வீதம் உங்கள் பில்லிலேயே இருக்கிறது.)

இரண்டாவது, எல்லா யூனிட்டுக்கும் ஒரே விலை வைத்தது. பேனலில் உற்பத்தியாகிற யூனிட் இரண்டு வழியில் போகிறது. அந்த நொடியில் பள்ளியில் ஃபேன், லைட், கம்ப்யூட்டர் லேப் ஓடிக்கொண்டிருந்தால் அங்கே செலவாகிறது, உங்களுக்கு 8 ரூபாய் மிச்சம். ஓடவில்லை என்றால் கிரிட்டுக்குப் போகிறது. நெட் ஃபீட்-இன் முறையில் அப்படிப் போகிற யூனிட்டுக்கு ஒரு குறைந்த விலைதான் வரவு வைப்பார்கள். காலை 11 மணிக்குக் கொடுத்ததை மாலை 7 மணிக்குத் திரும்ப வாங்கிக்கொள்கிற வசதி அதில் கிடையாது. கொடுத்தது கொடுத்த விலைக்கு, வாங்குவது வாங்குகிற விலைக்கு. கொடுக்கிற விலையாக நான் 3 ரூபாய் வைக்கிறேன்.

மூன்றாவது, கொட்டேஷனில் பேச்சே இல்லாத ஒன்று: நெட்வொர்க் சார்ஜ். தமிழ்நாட்டில் வீடு அல்லாத இணைப்புகளில், சோலாரில் உற்பத்தியாகும் யூனிட் மேல் இதை விதிக்கிறார்கள். நீங்களே பயன்படுத்திய யூனிட்டுக்கும் சேர்த்துத்தான். சிறுதொழில்காரர்கள் இதை எதிர்த்து வருடக்கணக்காகக் குரல் கொடுத்து வருகிறார்கள். கணக்குக்கு யூனிட்டுக்கு ஒன்றரை ரூபாய் வைக்கிறேன். உங்கள் இணைப்புக்கு இன்றைக்கு எவ்வளவு, சலுகை ஏதும் உண்டா என்பதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது கீழே வரும்.

ஜிஎஸ்டியையும் முதலீட்டில் சேர்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் பொருட்களுக்கு 5 சதவீதம். இதுபோன்ற ஒப்பந்தத்தில் மதிப்பின் 70 பங்கைப் பொருளாகவும் 30 பங்கை 18 சதவீத சேவையாகவும் எடுப்பதால் மொத்தத்துக்கு 8.9 சதவீதம் வரும். கம்பெனி என்றால் உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளும். பள்ளியின் கல்விக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு என்பதால் உங்களுக்கு அந்த வழி இல்லை, கட்டியது கட்டியதுதான். ஆக முதலீடு 20 லட்சம். அந்தத் தாளில் "40 சதவீதத் தேய்மானத்தால் வரிச் சலுகை" என்று ஒரு வரி இருந்தால் அதையும் அடித்துவிடுங்கள். அது வருமான வரி கட்டும் தொழிற்சாலைக்கு எழுதிய தாள். வரி விலக்குப் பெற்ற அறக்கட்டளைக்கு மிச்சம் பிடிக்க வரியே இல்லை. வீடுகளுக்கு மத்திய அரசு தருகிற சூர்ய கர் மானியமும் பள்ளிக்குக் கிடையாது.

சரி, இப்போது யூனிட் கணக்கு.

நம் பக்கத்தில் ஒரு கிலோவாட்டுக்கு ஆண்டுக்கு 1,400 யூனிட் வைப்பது நியாயமான எண். தூசி, கரண்ட் போகிற நேரம் எல்லாம் அதில் அடங்கும். கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். லைனில் வேலை செய்கிறவர் மேல் மின்சாரம் பாயாமல் இருக்க, கிரிட்டோடு இணைந்த இன்வெர்ட்டர் தானாகவே அணைந்துவிடும். ஆகவே "ஜெனரேட்டர் டீசல் மிச்சம்" என்று யாராவது சொன்னால், பேட்டரியோ ஜெனரேட்டரோடு சேர்ந்து ஓடும் கட்டுப்பாட்டுக் கருவியோ விலையில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் அந்த மிச்சமும் இல்லை.

40 கிலோவாட்டுக்கு ஆண்டுக்கு 56,000 யூனிட், ஒரு நாளைக்கு சராசரி 153. வேலை நாளில் பகலில் உங்களுக்கு 200 யூனிட் தேவை. அப்படியானால் 153-உம் உள்ளேயே செலவாகிவிடுமே என்று தோன்றும். ஆகாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 4 மணிக்குப் பின்னும் வருவது வெளியே போகும். உச்சி வெயிலில் 28 கிலோவாட் வரும்போது பள்ளி இழுப்பது 25 கிலோவாட். சாப்பாட்டு இடைவேளையில் வகுப்பறை ஃபேன்களை அணைத்துவிட்டால் அதைவிடக் குறைவு. இதையெல்லாம் கழித்து 130 யூனிட் உள்ளே போகும் என்று வைக்கிறேன். 220 வேலை நாளுக்கு 28,600. விடுமுறை 145 நாளுக்கு 25 வீதம் சுமார் 3,600. ஆக உள்ளே செலவாவது 32,200 யூனிட், கிரிட்டுக்குப் போவது 23,800. உற்பத்தியில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் 3 ரூபாய் சரக்கு.

இதே பள்ளிக்கு 20 கிலோவாட் என்றால்? ஆண்டுக்கு 28,000 யூனிட், நாளுக்கு 77. உச்சியிலும் 14 கிலோவாட்தான் வரும், பள்ளி அதை அப்படியே விழுங்கிவிடும். வேலை நாளில் 72 யூனிட் உள்ளே. விடுமுறையில் 22. மொத்தம் 19,000 உள்ளே, 9,000 வெளியே.

பேனலைப் பாதியாகக் குறைத்தும் உள்ளே செலவாகும் யூனிட் பாதியாகவில்லை என்பதைக் கவனியுங்கள். 32,200-இல் 19,000 முதல் 20 கிலோவாட்டிலேயே வந்துவிட்டது. இரண்டாவது 20 கிலோவாட் கூடுதலாகத் தருவது 13,200 யூனிட் மட்டும். மீதி 14,800 கிரிட்டுக்கு. உங்கள் குறிப்பு இதைச் சுற்றித்தான் நிற்க வேண்டும்.

முதல் வருடப் பணம் இப்படி வரும். 20 கிலோவாட்டுக்கு: உள்ளே செலவானது 1,52,000 ரூபாய், அதில் நெட்வொர்க் சார்ஜ் 42,000 போக 1,10,000. கிரிட்டுக்குக் கொடுத்ததில் 27,000. கழுவுவது, காப்பீடு, சில்லறைப் பழுதுக்கு 12,000 போனால் நிகரம் 1,25,000. 40 கிலோவாட்டுக்கு இதேபோல் 1,73,600-உம் 71,400-உம் சேர்ந்து, பராமரிப்பு 20,000 போக 2,25,000. முதலீட்டை இதால் வகுத்தால், 20 கிலோவாட்டுக்கு (ஜிஎஸ்டியோடு 10.40 லட்சம் என்று வைத்தால்) 8.3 வருடம், 40-க்கு 8.9 வருடம். மூன்று வருடம் எங்கே, ஒன்பது வருடம் எங்கே!

இனி வருங்காலத்துக்கு நான்கு அனுமானம் வேண்டும். பேனல் உற்பத்தி ஆண்டுக்கு 0.7 சதவீதம் குறையும். மின் கட்டணமும் நெட்வொர்க் சார்ஜும் ஆண்டுக்கு 2.5 சதவீதம் ஏறும். கிரிட்டுக்குக் கொடுக்கும் விலை ஒப்பந்தத்தில் போட்டபடி ஏறாமல் நிற்கும். பராமரிப்புச் செலவு 5 சதவீதம் ஏறும், அது ஆள் கூலி சம்பந்தப்பட்டது.

கட்டண ஏற்றம்தான் விற்பவர்கள் விளையாடும் இடம். 6 சதவீதம் என்று போட்டுவிட்டால் எந்தத் திட்டமும் பொன்னாகிவிடும். நம் மாநிலத்தில் நடந்ததைப் பாருங்கள். 2014 டிசம்பரில் ஏற்றியதற்குப் பிறகு 2022 செப்டம்பர் வரை ஏற்றமே இல்லை. அப்போது ஒரேயடியாக ஏற்றினார்கள். அதன் பின் ஜூலைதோறும் கொஞ்சம் கொஞ்சமாக, 2024-இல் 4.83 சதவீதம், 2025-இல் 3.16. எட்டு வருடம் தூங்கி எழுகிற கட்டணத்துக்கு ஆண்டுக்கு 6 சதவீதம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

தள்ளுபடி வீதம் 9 சதவீதம் வைக்கிறேன். டெபாசிட்டில் 7 சதவீதம் எந்த வேலையும் இல்லாமல் வருகிறது. சோலாரில் மரம் நிழல் விழலாம், விதி மாறலாம், இன்வெர்ட்டர் போகலாம். அதற்கு 2 சதவீதம் கூட. அடுத்த வருடம் வரும் 1,09,000 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு 1 லட்சம் என்பதுதான் இதன் பொருள். காலம் 20 வருடம். பேனலுக்கு 25 வருட உத்தரவாதம் இருந்தாலும் பள்ளிக் கட்டடத்தின் மேல்தளம் அதற்குள் ஒரு பெரிய மராமத்தைப் பார்க்கும். தவிர, 9 சதவீதத்தில் 21-ஆம் வருடத்து ரூபாய்க்கு இன்று 16 பைசாதான் மதிப்பு, அதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இன்வெர்ட்டரை 11-ஆம் வருடம் மாற்ற 20 கிலோவாட்டுக்கு 1.10 லட்சம், 40-க்கு 2 லட்சம்.

20 கிலோவாட்டுக்குச் சில வருடங்கள் மட்டும் காட்டுகிறேன்:

| வருடம் | நிகர வரவு (ரூ.) | இன்றைய மதிப்பு (ரூ.) |
|---|---|---|
| 1 | 1,25,000 | 1,14,700 |
| 10 | 1,35,700 | 57,300 |
| 11 (இன்வெர்ட்டர் மாற்றம்) | 26,900 | 10,400 |
| 20 | 1,47,200 | 26,300 |

எக்செல்லில் போடும்போது ஒரு குழி இருக்கிறது. அதன் `NPV` சூத்திரம் முதல் எண்ணை ஒரு வருடம் கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். இன்று போடும் முதலீட்டையும் அடைப்புக்குள் சேர்த்துவிட்டால் எல்லாமே ஒரு வருடம் தள்ளிப்போகும். முதலீடு `B1`-இல் மைனஸ் குறியோடும், 20 வருட வரவு `B2` முதல் `B21` வரையும் இருந்தால்:

```
=B1+NPV(9%,B2:B21)
```

விடை, லட்சம் ரூபாயில்:

| | 20 கிலோவாட் | 40 கிலோவாட் |
|---|---|---|
| உள்ளே செலவானது (நெட்வொர்க் சார்ஜ் போக) | 11.37 | 17.94 |
| கிரிட்டுக்குக் கொடுத்தது | 2.35 | 6.22 |
| பராமரிப்பு | −1.58 | −2.63 |
| இன்வெர்ட்டர் | −0.43 | −0.78 |
| முதலீடு | −10.40 | −20.00 |
| நிகர தற்போதைய மதிப்பு | +1.31 | +0.75 |

இந்த இடத்தில்தான் பலர் சறுக்குவார்கள். 40 கிலோவாட்டுக்கும் விடை பிளஸ்தான். "பிளஸ் வந்தால் செய்யலாம்" என்று பாடத்தில் படித்ததை வைத்துக் கையெழுத்துப் போட்டுவிடலாம். ஆனால் இது "செய்யலாமா வேண்டாமா" என்ற கேள்வி இல்லை, "எவ்வளவு" என்ற கேள்வி. இரண்டாவது 20 கிலோவாட்டைத் தனித் திட்டமாகப் பாருங்கள்: 9.60 லட்சம் கூடுதலாகப் போட்டு, நிகர மதிப்பு 1.31-இலிருந்து 0.75-க்கு இறங்குகிறது. அதாவது அந்தப் பாதியின் நிகர மதிப்பு −0.56 லட்சம். முதல் பாதி சம்பாதித்ததை இரண்டாவது பாதி தின்கிறது. மொத்தத்தை மட்டும் பார்த்தால் இது தெரியாது.

அந்தக் கூடுதல் 9.60 லட்சம் ஈட்டுகிற வீதம் சுமார் 8.2 சதவீதம். உங்கள் டெபாசிட்டின் 7 சதவீதத்தை விட அது அதிகம் என்று தாளாளர் கேட்கலாம், கேட்க வேண்டும். 7 சதவீதத்தில் தள்ளுபடி செய்தால் 40 கிலோவாட் 4.13 லட்சமும் 20 கிலோவாட் 3.24 லட்சமும் காட்டும், பெரியதுதான் ஜெயிக்கும். ஆனால் உங்களிடம் இருப்பது 12 லட்சம். 20 கிலோவாட்டை அதிலேயே முடித்துவிடலாம். 40-க்குப் போனால் மேலே வேண்டிய பணத்தில் பெரும்பகுதி 10.5 சதவீதக் கடன். 8.2 ஈட்டும் பேனலுக்கு 10.5 வட்டி. முதலீட்டு முடிவையும் பணம் திரட்டுவதையும் கலக்கக் கூடாது என்று புத்தகம் சொல்லும். பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனிக்கு அது சரி. கையில் உள்ள பணம் தீர்ந்ததும் வங்கி வாசலில் நிற்கிற ஒரு சின்ன அறக்கட்டளைக்கு, கடைசி ரூபாயின் விலை அந்தக் கடன் வட்டிதான்.

இப்போது நெட்வொர்க் சார்ஜுக்கு வருகிறேன். உங்கள் இணைப்புக்கு அது முழுக்க இல்லை என்று எழுத்தில் வந்தால் கதையே மாறிவிடும். 20 கிலோவாட்டின் நிகர மதிப்பு 5.65 லட்சமாகவும், 40-இன் மதிப்பு 9.43 லட்சமாகவும் ஏறும். அப்போது கூடுதல் பாதியும் தன் காலில் நிற்கும், பெரியதைப் போடலாம். யூனிட்டுக்கு ஒன்றரை ரூபாய்க்கு இவ்வளவு பலம். அதனால்தான் முதலில் பிரிவு அலுவலகத்துக்குப் போங்கள் என்றேன். தள்ளுபடி வீதம் எட்டரையா ஒன்பதா என்று மணிக்கணக்கில் வாதிடுவதை விட அந்த ஒரு கடிதம் முக்கியம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. உற்பத்தி 10 சதவீதம் குறைந்தால் 20 கிலோவாட்டின் 1.31 லட்சம் பூஜ்யத்துக்குக் கொஞ்சம் கீழே போய்விடும். 10 சதவீதம் குறைய பெரிய விபத்து எதுவும் வேண்டாம். தண்ணீர்த் தொட்டி நிழல் மாலை மூன்று மணிக்கு ஒரு வரிசை மேல் விழுந்தால் அந்தத் தொடரில் உள்ள மற்ற பேனல்களும் சேர்ந்து மந்தமாகும். ஒரு பள்ளிக்கு நான் கணக்குப் பார்த்தபோது, மேற்குப் பக்கத்து வேப்பமரம் ஐந்து வருடத்தில் மொட்டை மாடிக்கு மேலே எழுந்துவிட்டது. மரத்தை வெட்ட யாருக்கும் மனம் வரவில்லை, எனக்கும்தான். பேனலை நகர்த்தினார்கள், அந்தச் செலவு எந்தக் குறிப்பிலும் இல்லை. அதே பள்ளியில் கோடை விடுமுறையில் யாரும் கழுவவில்லை. ஜூன் மாதம் பார்த்தால் பேனல் மேல் விரலால் பெயர் எழுதலாம் போலிருந்தது. இன்வெர்ட்டர் காட்டும் மாத உற்பத்தியை ஒரு நோட்டில் எழுதி, போன வருடம் அதே மாதத்தோடு ஒப்பிட்டால் இதெல்லாம் இரண்டே மாதத்தில் தெரிந்துவிடும்.

உள்ளே செலவாகும் யூனிட்டைக் கூட்டக் காசில்லாத வழி ஒன்று இருக்கிறது. தோட்டத்துக்கும் மேல்தொட்டிக்கும் ஓடும் மோட்டாரை விடுமுறை நாளிலும் விடியற்காலைக்குப் பதில் 11 மணிக்குப் போடச் சொல்லுங்கள். நாளுக்கு 7 யூனிட் என்றாலும் 145 நாளில் ஆயிரம் யூனிட், ஒவ்வொன்றும் 3 ரூபாயிலிருந்து 8 ரூபாய்க்கு மாறுகிறது. ஆண்டுக்கு 5,000 ரூபாய். வாட்ச்மேனிடம் சொன்னால் போதும்.

குறிப்பை நீளமாக எழுதாதீர்கள். அறக்கட்டளைக் கூட்டத்தில் ஒரு பக்கத்துக்கு மேல் யாரும் படிப்பதில்லை. நான் எழுதினால் இப்படி இருக்கும்:

> பொருள்: பள்ளி மொட்டை மாடியில் கிரிட்டோடு இணைந்த சோலார் அமைப்பு, மூலதனச் செலவு ஒப்புதல்.
>
> கோருவது: 20 கிலோவாட்டுக்கு ஜிஎஸ்டி உட்பட ரூ.10.40 லட்சம். நிதி: ஃபிக்சட் டெபாசிட்டிலிருந்து. கடன் இல்லை.
>
> பரிசீலித்த மாற்று: 40 கிலோவாட், ரூ.20 லட்சம். இதன் நிகர தற்போதைய மதிப்பு +0.75 லட்சம், 20 கிலோவாட்டுக்கு +1.31 லட்சம். கூடுதல் 20 கிலோவாட்டின் மதிப்பு −0.56 லட்சம். காரணம்: அதன் உற்பத்தியில் பாதிக்கு மேல் விடுமுறை நாளிலும் வகுப்பு இல்லாத நேரத்திலும் வந்து, குறைந்த விலைக்கு கிரிட்டுக்குப் போகிறது.
>
> அடிப்படை: 20 வருடம், தள்ளுபடி வீதம் 9 சதவீதம், கட்டண ஏற்றம் ஆண்டுக்கு 2.5 சதவீதம், உற்பத்தி கிலோவாட்டுக்கு 1,400 யூனிட், தேய்வு 0.7 சதவீதம், இன்வெர்ட்டர் 11-ஆம் வருடம் மாற்றம். யூனிட் மிச்சம் ரூ.8, கிரிட்டுக்கு ரூ.3, நெட்வொர்க் சார்ஜ் ரூ.1.50. வரிச் சலுகையோ மானியமோ சேர்க்கவில்லை.
>
> முடிவை மாற்றக்கூடியவை: நெட்வொர்க் சார்ஜ் நீங்கினால் 40 கிலோவாட் மேலானது (+9.43 லட்சம்). உற்பத்தி 10 சதவீதம் குறைந்தால் 20 கிலோவாட்டும் லாபமில்லை.
>
> நிபந்தனை: மின்வாரியத்தின் எழுத்துப்பூர்வப் பதில் வந்த பிறகே வேலை உத்தரவு. காலை 9, பகல் 12, மாலை 3 மணிக்கு நிழல் பார்த்த படங்கள் கொட்டேஷனோடு இணைக்கப்பட வேண்டும். மேல்தளத்தின் நீர்க்கசிவு வேலை பேனலுக்கு முன்பே முடிய வேண்டும்.

அந்தக் கடைசி நிபந்தனையை விட்டுவிடாதீர்கள். தாங்கிக் கால்களை ஊன்றிய பிறகு தளம் ஒழுகினால் அத்தனையையும் கழற்றி மாட்ட வேண்டும். 20 வருடத்துக்கும் சேர்த்து உங்கள் கையில் நிற்கும் மிச்சம் 1.31 லட்சம்தான், அந்த ஒரு வேலையிலேயே அதில் பெரும்பங்கு போய்விடும்.

இன்னொன்று. கொட்டேஷன் கேட்கும்போது 20 கிலோவாட்டுக்கும் தனியாக விலை கேளுங்கள், 40-இல் பாதி என்று நீங்களாகப் போட்டுக்கொள்ளாதீர்கள். சின்ன அமைப்புக்குக் கிலோவாட் விலை கொஞ்சம் கூடத்தான் வரும். நான் அதை 52,000 ரூபாயாக வைத்தேன், 40-க்கு வருவது 50,000. வருகிற விலை 58,000-ஐத் தொட்டால் 20 கிலோவாட்டின் நிகர மதிப்பு ஏறக்குறைய பத்தாயிரம் ரூபாய்க்குச் சுருங்கிவிடும். அப்போது இந்த வருடம் போடாமல் விட்டாலும் பள்ளிக்கு நஷ்டமில்லை. பேனல் விலையும் மின்வாரிய விதியும் எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு அடுத்த பட்ஜெட்டில் இதே தாளை எடுத்து எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.